ஸ்லீப்புக்குப் பிறகு இடம் மாறும் விண்டோக்கள்: செட்டிங், கேபிள், எமுலேட்டர், மென்பொருள் – எதில் கை வைப்பது?

கணினி ஸ்லீப்பிலிருந்து எழுகிறது. வலது மானிட்டரில் இருந்த பிரவுசர் இடது மானிட்டரில் சுருங்கிக் கிடக்கிறது, மெயில் ஆப் திரையின் மூலையில் ஒடுங்கியிருக்கிறது. மூடித் திறந்தாலும் சில ஆப்கள் அந்தக் கோணல் அளவிலேயே திறக்கின்றன. இதற்குத் தீர்வு தேடினால் நாலு பேர் நாலு வழி சொல்வார்கள். விண்டோஸ் செட்டிங்கை மாற்று என்பார் ஒருவர், டிஸ்ப்ளேபோர்ட்டை விட்டு ஹெச்டிஎம்ஐக்குப் போ என்பார் இன்னொருவர். போர்ட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகும் எமுலேட்டர் என்ற சிறு பெட்டியை வாங்கச் சொல்பவரும் உண்டு, விண்டோக்களைத் திரும்ப அடுக்கும் மென்பொருளைப் பரிந்துரைப்பவரும் உண்டு. நாலுமே வேலை செய்யும் வழிகள்தான். ஆனால் நாலும் வெவ்வேறு இடத்தில் கை வைக்கின்றன. எந்த இடத்தில் கோளாறு என்று தெரியாமல் தேர்ந்தெடுத்தால் காசும் நேரமும் போகும், விண்டோக்கள் மட்டும் அப்படியே குதித்துக்கொண்டிருக்கும்.

இங்கே பேசுவது விண்டோஸ் 11 பற்றி. விண்டோஸ் 10-க்கு எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

## நடப்பது ஒன்றல்ல, இரண்டு

ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம். வலது பக்கம் 27 அங்குல மானிட்டர், 2560×1440, டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைந்திருக்கிறது. இதுதான் முதன்மைத் திரை. இடது பக்கம் 24 அங்குல மானிட்டர், 1920×1080, ஹெச்டிஎம்ஐயில். இரண்டின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில்.

விண்டோஸ் எல்லாத் திரைகளையும் ஒரே பெரிய வரைபடத்தாளாகப் பார்க்கிறது. முதன்மைத் திரையின் இடது மேல் மூலைதான் அந்தத் தாளில் 0,0. அதற்கு இடப்புறம் உள்ளதெல்லாம் மைனஸ். ஆகவே வலது மானிட்டர் 0-இலிருந்து 2560 வரை. இடது மானிட்டர் −1920-இலிருந்து 0 வரை. பிரவுசர் வலது மானிட்டரில் 1300,100 என்ற புள்ளியில், 1200 அகலம், 1250 உயரத்தோடு இருக்கிறது. எடிட்டர் இடது மானிட்டரில் −1900,40 என்ற புள்ளியில் இருக்கிறது.

இப்போது திரைகள் அணைகின்றன. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் 'நான் இருக்கிறேன்' என்று மானிட்டர் கணினிக்குச் சொல்ல ஒரு தனிக் கம்பி உண்டு. ஹாட் பிளக் என்பார்கள், இணைப்பானில் 18-ஆவது பின். அதில் மின்னழுத்தம் 2 மில்லி வினாடிக்கு மேல் இறங்கியே இருந்தால் மானிட்டரைக் கழற்றிவிட்டார்கள் என்றுதான் கணினி எடுத்துக்கொள்ளும். ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும் மானிட்டர்கள் பல அந்தக் கம்பியைக் கைவிட்டுவிடுகின்றன. கேபிள் செருகியபடியே இருக்க, கணினியைப் பொறுத்தவரை 27 அங்குலத் திரை காணாமல் போய்விட்டது.

உடனே இடது மானிட்டர் முதன்மைத் திரையாகிறது. அதன் மூலை 0,0 ஆகிவிடுகிறது. பிரவுசருக்கு இடமில்லாததால் விண்டோஸ் அதை இங்கே நகர்த்துகிறது. 1080 உயரத்தில் டாஸ்க்பார் 48 போக 1032தான் மிச்சம், 1250 உயர விண்டோ அதற்குள் அடங்காது. சுருக்கப்படும், அல்லது விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இது முதல் கோளாறு.

இரண்டாவதுதான் பலரும் கவனிக்காதது. எடிட்டர் அசையவே இல்லை. அதே கண்ணாடியில் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன் எண் −1900-இலிருந்து 20 ஆகிவிட்டது, ஏனென்றால் தாளின் தொடக்கப்புள்ளி நகர்ந்துவிட்டது. எடிட்டர் அந்த நேரத்தில் தன் இடத்தைக் குறித்துவைத்தால் '20,40' என்று குறிக்கும். காலையில் வலது மானிட்டர் திரும்பி வந்து தாள் பழைய நிலைக்குப் போனபின் எடிட்டரை மூடித் திறந்தால், 20,40 என்பது வலது மானிட்டரின் மூலை. ஆப் சொன்னபடிதான் செய்கிறது; குறிப்பு எழுதியது வேறொரு வரைபடத்தில்.

இரண்டு மானிட்டரும் ஒருசேர மறைந்தாலோ, ஒற்றை மானிட்டரே மறைந்தாலோ இன்னும் மோசம். திரையே இல்லாமல் விண்டோஸால் இருக்க முடியாது. ஒரு கற்பனைத் திரையை வைத்துக்கொள்கிறது. அதன் அளவு பெரும்பாலும் 1024×768. எல்லா விண்டோவும் அதற்குள் திணிக்கப்படும். எழுந்ததும் எல்லாம் இடது மேல் மூலையில் குவிந்து, ஏறக்குறைய 1024 அகலத்துக்குச் சுருங்கியிருந்தால் நடந்தது இதுதான்.

## வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

எந்த மானிட்டர் மறைகிறது, உண்மையிலேயே மறைகிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். திரை ஒரு நிமிடத்தில் அணையும்படி வையுங்கள்:

```
powercfg /change monitor-timeout-ac 1
```

பிறகு பவர்ஷெல்லில் இதை ஓடவிடுங்கள். வினாடிக்கு ஒருமுறை எத்தனை மானிட்டர் தெரிகிறது என்று எழுதிவைக்கும்:

```powershell
while ($true) {
  $n = @(Get-CimInstance -Namespace root\wmi -ClassName WmiMonitorID -ErrorAction SilentlyContinue).Count
  "$(Get-Date -Format HH:mm:ss) $n" | Add-Content "$HOME\monitors.txt"
  Start-Sleep -Seconds 1
}
```

கையை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். திரும்பி வந்து மவுஸை அசைத்து, `monitors.txt` கோப்பைத் திறந்து பாருங்கள். எண் 2-இலேயே நின்றிருந்தால் திரை அணைவதால் மானிட்டர் மறையவில்லை. 1 ஆனால் ஒன்று மறைகிறது. 0 ஆனால் இரண்டும் மறைந்து கற்பனைத் திரை வந்திருக்கிறது. ஒரு வினாடிக்கும் குறைவான துண்டிப்பு இதில் சிக்காமல் போகலாம். எண் மாறாமலேயே விண்டோக்கள் நகர்ந்திருந்தால் அதை நினைவில் வையுங்கள். சோதனை முடிந்ததும் கடைசி எண்ணை 1-க்குப் பதில் 10 என்றோ, முன்பு இருந்ததோ போட்டு `powercfg` கட்டளையை மறுபடி கொடுத்துவிடுங்கள்.

அடுத்து கணினியையே ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள். திரை மட்டும் அணையும்போது ஒழுங்காக இருந்து, கணினி தூங்கி எழும்போது மட்டும் கோணல் வந்தால் காரணம் சற்று வேறு: கிராபிக்ஸ் கார்டு எழுந்து திரைகளை எண்ணும் நேரத்தில் மானிட்டர் இன்னும் கண் விழிக்கவில்லை. கோப்பில் எழுந்த முதல் சில வினாடிகளுக்கு 1 என்றும் பிறகு 2 என்றும் இருக்கும்.

மானிட்டரின் பவர் பட்டனை அழுத்திப் பார்ப்பதைச் சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உறக்கத்தில் கம்பியை விடாத மானிட்டர்கூட பட்டனில் அணைத்தால் விட்டுவிடலாம். அந்த இரண்டும் ஒன்றல்ல.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு வழிகளையும் ஒப்பிட நான்கு கேள்விகள் போதும். துண்டிப்பையே நிறுத்துகிறதா, நடந்தபின் சரிசெய்கிறதா? ஆப் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் தவறான எண்ணைத் தடுக்கிறதா? படத்தின் தரத்தில், அதாவது ரெஃப்ரெஷ் ரேட், ஹெச்டிஆர், நிறம் இவற்றில் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டுமா? அலுவலகக் கணினியில் அட்மின் அனுமதி இல்லாமல் செய்ய முடியுமா?

இவற்றில் இரண்டாவது கேள்விதான் தீர்ப்பை மாற்றுகிறது. விண்டோக்களைத் திரும்ப இழுத்து வைப்பது எளிது. ஆப் எழுதிவைத்ததை அழிப்பது எளிதல்ல.

## வழி 1: விண்டோஸின் சொந்தச் செட்டிங்

Settings > System > Display > Multiple displays பகுதியில் இரண்டு தேர்வுகள் இருக்கும்: `Remember window locations based on monitor connection`, `Minimize windows when a monitor is disconnected`. இரண்டையும் டிக் செய்யுங்கள். செலவு இல்லை, அட்மின் அனுமதி வேண்டாம், ஒரு நிமிட வேலை. ஆகவே வேறு எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதை முதலில் செய்துவிடுவதில் நட்டமில்லை.

முதல் தேர்வு, எந்த மானிட்டர்கள் இணைந்திருந்தபோது எந்த விண்டோ எங்கே இருந்தது என்று நினைவில் வைத்து, அதே கூட்டணி திரும்பியதும் விண்டோக்களைப் பழைய இடத்தில் வைக்கிறது. இரண்டாவது, மறைந்த மானிட்டரில் இருந்த விண்டோக்களை அடுத்த திரைக்குத் தள்ளாமல் மினிமைஸ் செய்துவிடுகிறது. நம் மேசையில் பிரவுசர் 1032-க்குள் திணிக்கப்படாமல் டாஸ்க்பாரில் காத்திருக்கும். மானிட்டர் வந்ததும் திரும்பி எழும்.

மறைந்திருக்கும் விலை என்ன? இது நடந்தபின் சரிசெய்யும் வழி. துண்டிப்பு நடந்துகொண்டேதான் இருக்கும். திரை அமைப்பு மாறிய செய்தி ஒவ்வொரு ஆப்புக்கும் போகும், அதைக் கேட்டுத் தானே தன் அளவை மாற்றிக்கொள்ளும் ஆப்களை விண்டோஸ் தடுக்காது. எடிட்டரின் '20,40' கதையை இது தொடவே தொடாது; எடிட்டர் அதைத் தன் கோப்பில் எழுதிவிட்டால் அங்கேதான் இருக்கும்.

இரண்டு மானிட்டருக்கும் ஸ்கேலிங் வெவ்வேறாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒன்று 100%, மற்றது 150% என்று வையுங்கள். விண்டோ அங்கே போய் இங்கே வரும்போது 1.5-ஆல் பெருக்கி, பின் வகுக்க வேண்டும். பழைய ஆப்கள் சில இதைச் சரியாகச் செய்வதில்லை. ஒவ்வொரு ஸ்லீப்புக்கும் விண்டோ கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது அல்லது தேய்கிறது என்றால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

விண்டோஸ் 10-இல் இந்தச் செட்டிங் கிடையாது. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டதால் இனி வரப்போவதும் இல்லை. விண்டோஸ் 10-இல் இருப்பவர்கள் மற்ற மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்.

இது போதும் என்றால்: இரண்டு திரையிலும் ஒரே ஸ்கேலிங், பெரும்பாலும் பிரவுசரும் அலுவலக ஆப்களும் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும், மூடித் திறப்பது குறைவு.

## வழி 2: மானிட்டர் மெனுவும் கேபிளும்

கோளாறு பிறக்கும் இடத்திலேயே கை வைப்பது இது. சோதனையில் எண் குறைந்தது என்றால் என் ஓட்டு முதலில் இதற்குத்தான்.

மானிட்டரின் பட்டனை அழுத்தி மெனுவுக்குப் போங்கள். `Deep Sleep`, `Power Saving`, `Eco` போன்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பிராண்டுக்கு பிராண்ட் பெயர் மாறும். சிலவற்றில் Others, சிலவற்றில் System அல்லது General பிரிவுக்குள் இருக்கும். அதை ஆஃப் செய்தால் மானிட்டர் லேசான உறக்கத்தில் இருக்கும், ஹாட் பிளக் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதே மெனுவில் `Auto Source` அல்லது `Auto Input` இருந்தால் அதையும் நிறுத்தி, இன்புட்டை டிஸ்ப்ளேபோர்ட் என்று நிலையாக வையுங்கள். படம் வரவில்லை என்றதும் அடுத்த இன்புட்டைத் தேடிப் போகும் மானிட்டர், போகும் வழியில் முந்தைய இணைப்பைக் கைவிடக்கூடும். ஒரே மானிட்டரில் வேலை லேப்டாப்பும் வீட்டுக் கணினியும் இணைந்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் இந்த ஆட்டோதான்.

மாற்றியபின் அந்த எண்ணிக்கைச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். 2-இலேயே நின்றால் வேலை முடிந்தது. இதற்கான விலை, மானிட்டர் காத்திருக்கும்போது இழுக்கும் மின்சாரம் கொஞ்சம் கூடுவது.

மெனுவில் அப்படியொன்றும் இல்லையென்றால் அடுத்து ஹெச்டிஎம்ஐ. இது ஏன் பல நேரம் சரியாகிவிடுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. ஹெச்டிஎம்ஐயில் கணினியே 18-ஆவது பின் வழியாக 5 வோல்ட் கொடுக்கிறது. பல மானிட்டர்களில் ஹாட் பிளக் கம்பி ஒரு சாதாரண ரெசிஸ்டர் வழியாக அந்த 5 வோல்ட்டோடேயே கட்டப்பட்டிருக்கும். மானிட்டர் தூங்கினாலும் கணினி தன் மின்சாரத்தைத் தானே திரும்பப் பார்க்கிறது; மானிட்டர் இருக்கிறது என்று நம்புகிறது. மானிட்டரின் அடையாளக் குறிப்பைச் சொல்லும் சிப்பும் அதே 5 வோல்ட்டில் விழித்துக்கொள்ளும். டிஸ்ப்ளேபோர்ட்டில் அந்தக் கம்பியை மானிட்டரின் மின்சுற்றுதான் உயர்த்திப் பிடிக்க வேண்டும். அது தூங்கினால் கை நழுவுகிறது. ஆனால் எல்லா ஹெச்டிஎம்ஐ மானிட்டரும் அப்படி அமைக்கப்பட்டவை அல்ல. டிவிகளில் குறிப்பாக மாறும். கேபிள் வாங்குமுன் கையில் இருக்கும் எதையாவது செருகிச் சோதித்துவிடுங்கள்.

ஹெச்டிஎம்ஐக்கு மாறுவதில்தான் மறைமுக விலை அதிகம். 2560×1440-ஐ 144 ஹெர்ட்ஸில் ஓட்டுபவர் மானிட்டரின் ஹெச்டிஎம்ஐ போர்ட் 2.0 அல்லது அதற்கு மேல் என்று உறுதிசெய்ய வேண்டும். 1.4 என்றால் 60-75 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 4கே திரை என்றால் 30 ஹெர்ட்ஸ், மவுஸ் இழுபடுவது கண்ணுக்கே தெரியும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 2.0 வேண்டும், 120-க்கு 2.1. கணினி, கேபிள், மானிட்டர் மூன்றில் எது குறைந்ததோ அதுதான் உச்சவரம்பு. இன்னொன்று: ஹெச்டிஎம்ஐயில் வரும் மானிட்டரைக் கிராபிக்ஸ் டிரைவர் டிவி என்று நினைத்து நிற வரம்பைக் குறைக்கலாம். கறுப்பு சாம்பலாக வெளுத்துத் தெரிந்தால் டிரைவர் செட்டிங்கில் ஆர்ஜிபி ஃபுல் ரேஞ்ச் என்று மாற்றுங்கள். பழைய ஜி-சிங்க் மானிட்டர்களில் மாறும் ரெஃப்ரெஷ் ரேட் டிஸ்ப்ளேபோர்ட்டில்தான் வரும். கேம் ஆடுபவருக்கு அது பெரிய இழப்பு.

இது போதும் என்றால்: மெனுவில் அந்தத் தேர்வு இருக்கிறது, அல்லது திரை 60 ஹெர்ட்ஸ் வேலைத்திரை.

## வழி 3: இடையில் ஒரு இடிஐடி எமுலேட்டர்

கட்டைவிரல் அளவுப் பெட்டி. கணினியின் போர்ட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகுவது. மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் அடையாளக் குறிப்புக்கு இடிஐடி என்று பெயர். அதை இந்தப் பெட்டி நகலெடுத்து வைத்துக்கொண்டு, மானிட்டர் தூங்கினாலும் 'இருக்கிறேன்' என்று கணினிக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். துண்டிப்பு கணினிக்குத் தெரியவே தெரியாது. ஆகவே ஆப்களின் குறிப்பும் கெடாது. கணினி எழும் வேகத்துக்கு மானிட்டர் எழாத சிக்கலுக்கும் இதுதான் நேரான மருந்து, ஏனென்றால் பெட்டிக்கு மின்சாரம் கணினியின் போர்ட்டிலிருந்தே வருகிறது.

வாங்கும்போது தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, டம்மி பிளக்கை வாங்கிவிடுவது. அதில் மானிட்டரைச் செருக மறுமுனை இருக்காது. இல்லாத மூன்றாவது திரையை உண்டாக்கி விண்டோக்களை அங்கே தொலைக்கும். உங்களுக்கு வேண்டியது ஒரு பக்கம் ஆண், மறுபக்கம் பெண் இணைப்பான் கொண்ட, சிக்னலை உள்ளே விட்டு வெளியே அனுப்பும் வகை. இரண்டாவது, நிலையான குறிப்போடு வருவதை வாங்குவது. அது தன்னிடம் உள்ள பட்டியலைத்தான் சொல்லும். உங்கள் மானிட்டரின் ஹெச்டிஆரும் மாறும் ரெஃப்ரெஷ் ரேட்டும் காணாமல் போகும். மானிட்டரிடமிருந்து நகலெடுக்கும் பட்டனோ சுவிட்சோ உள்ளதைத் தேடுங்கள். மூன்றாவது, பெட்டியின் வேகம். 4கே 60 வரை என்று எழுதியிருந்தால் அதுவே உச்சம். அதற்கு மேல் கேட்டால் திரை மினுக்கும் அல்லது கறுப்பாகும்.

டிஸ்ப்ளேபோர்ட் வகை ஹெச்டிஎம்ஐ வகையைவிடச் சிக்கலானது. ஹாட் பிளக் கம்பியை உயர்த்திப் பிடித்தால் மட்டும் போதாது. இணைப்பின் வேகத்தைக் கணினியும் மானிட்டரும் பேசி முடிவு செய்யும் துணைத்தடத்திலும் பெட்டி பதில் சொல்ல வேண்டும். அரைகுறையாகச் செய்யும் பெட்டிகளில் விண்டோக்கள் இடத்தில் இருக்கும், படம் மட்டும் வராது. கேபிளைப் பிடுங்கிச் செருகினால்தான் வரும். இது பழைய தொல்லையைவிட எரிச்சலானது. திருப்பித்தர வழியுள்ள இடத்தில் வாங்குங்கள்.

இன்னொரு விலை தினசரி வாழ்க்கையில் தெரியும். அந்த மானிட்டரைப் பட்டனில் அணைத்தாலும் கணினிக்கு அது உயிரோடுதான் இருக்கிறது. விண்டோ ஒன்று அணைந்த திரையில் திறந்து உட்கார்ந்திருக்கும். ஒரு மானிட்டரை மட்டும் அடிக்கடி அணைத்து வைப்பவருக்கு எமுலேட்டர் ஒத்துவராது.

இது போதும் என்றால்: மானிட்டர் மெனுவில் வழியில்லை, ஹெச்டிஎம்ஐக்கு மாறினால் ரெஃப்ரெஷ் ரேட் போகும், மென்பொருள் நிறுவ அலுவலகம் விடாது.

## வழி 4: திரும்ப அடுக்கும் மென்பொருள்

இரண்டு வகை உண்டு, வேலை வேறு. `PersistentWindows` இலவசமான திறமூலக் கருவி. பின்னணியில் ஓடி விண்டோக்களின் இடத்தை அவ்வப்போது குறித்துக்கொள்ளும். திரை அமைப்பு கலைந்து திரும்பியதும் அதேபடி அடுக்கும். விண்டோஸ் 10-இல் இருப்பவருக்கு வழி 1-இன் இடத்தை நிரப்புவது இதுதான். வேலை செய்யும் ஓரிரு வினாடிகளில் விண்டோக்கள் கண்ணெதிரே ஓடி இடம்பிடிப்பது தெரியும். எழுந்ததும் நீங்கள் தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டால் கைக்குக் கீழே விண்டோ நழுவும்.

`PowerToys`-இல் உள்ள `FancyZones` வேறு மாதிரி. திரையைக் கட்டங்களாகப் பிரித்து, விண்டோவை எண்ணுக்குப் பதில் கட்டத்தோடு கட்டிப்போடுகிறது. அதன் செட்டிங்கில் `Keep windows in their zones when the screen resolution changes`, `Move newly created windows to their last known zone` என்ற இரண்டையும் இயக்குங்கள். இரண்டாவதைக் கவனியுங்கள்: ஆப் தன் தவறான '20,40'-இல் திறந்தாலும், திறந்த கையோடு FancyZones அதைக் கட்டத்துக்கு இழுத்துவிடும். ஆப்பின் கெட்டுப்போன நினைவை இது வெளியிலிருந்து சமாளிக்கிறது. விலை, உங்கள் வேலைமுறையைக் கட்டங்களுக்குப் பழக்க வேண்டும். விண்டோக்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி வைப்பவர் இரண்டு நாளில் கடுப்பாகி எடுத்துவிடுவார்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு எல்லை: அட்மினாக ஓடும் ஆப்பின் விண்டோவைச் சாதாரண அனுமதியில் ஓடும் கருவியால் நகர்த்த முடியாது. எல்லாம் இடத்துக்கு வந்து ஒரே ஒரு விண்டோ மட்டும் அடம்பிடித்தால், அது அட்மினாக ஓடுகிறதா என்று பாருங்கள். கருவியையும் அட்மினாக ஓட்டினால் தீரும். அலுவலகக் கணினியில் அது நடக்காது.

இது போதும் என்றால்: விண்டோஸ் 10, அல்லது லேப்டாப்பை டாக்கில் செருகி எடுப்பதே தினசரி வேலை. அங்கே துண்டிப்பு கோளாறல்ல, நீங்களே செய்வது. மானிட்டர் மெனுவும் எமுலேட்டரும் அதற்கு உதவாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | விண்டோஸ் செட்டிங் | மெனு / கேபிள் | எமுலேட்டர் | மென்பொருள் |
|---|---|---|---|---|
| துண்டிப்பை நிறுத்துமா | இல்லை | ஆம் | கணினிக்குத் தெரியாமல் மறைக்கும் | இல்லை |
| ஆப் எழுதும் தவறான எண் | தடுக்காது | தடுக்கும் | தடுக்கும் | FancyZones சமாளிக்கும் |
| படத்தின் தரம் | மாறாது | மெனு: மாறாது, ஹெச்டிஎம்ஐ: குறையலாம் | பெட்டியைப் பொறுத்தது | மாறாது |
| அட்மின் அனுமதி | வேண்டாம் | வேண்டாம் | வேண்டாம் | நிறுவ வேண்டியிருக்கலாம் |
| முக்கிய மறைமுக விலை | ஸ்கேலிங் வேறானால் அளவு நழுவும் | கூடுதல் மின்சாரம், நிற வரம்பு | அணைத்த திரையும் உயிரோடு இருக்கும் | எழுந்ததும் விண்டோக்கள் ஓடும் |

## அதிகம் சொல்லப்படும், ஆனால் கடைசியில் வர வேண்டியவை

கற்பனைத் திரையின் 1024×768 அளவையே ரெஜிஸ்ட்ரியில் மாற்றும் முறை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. இடம் இது:

```
HKLM\SYSTEM\CurrentControlSet\Control\GraphicsDrivers\Configuration
```

இதற்குள் `SIMULATED` அல்லது `NOEDID` என்று தொடங்கும் கீயில் `PrimSurfSize.cx`, `PrimSurfSize.cy` போன்ற மதிப்புகளை உங்கள் திரையின் அளவுக்கு மாற்றுவார்கள். ஒற்றை மானிட்டர், எல்லாம் 1024-க்குச் சுருங்குகிறது என்ற ஒரே நிலைக்கு இது பொருந்தும். அட்மின் அனுமதி வேண்டும், டிரைவர் புதுப்பித்தபின் கீ புதிதாக உருவானால் மறுபடி செய்ய வேண்டும், இரண்டு மானிட்டரில் ஒன்று மட்டும் மறையும் நம் உதாரணத்துக்குப் பயனே இல்லை.

திரை அணைவதையே நிறுத்திவிடு என்பது இன்னொரு யோசனை. ஓஎல்இடி திரை வைத்திருப்பவர் அதை யோசிக்கவே வேண்டாம். நிலையான படம் தடம் பதித்துவிடும். மற்றவர்களுக்கும் கணினி ஸ்லீப்புக்குப் போய் எழும்போது வரும் தொல்லை அப்படியே இருக்கும்.

## நம் மேசைக்கு எது

27 அங்குலம் டிஸ்ப்ளேபோர்ட்டில், 24 அங்குலம் ஹெச்டிஎம்ஐயில். திரை அணைந்தபின் கோப்பில் எண் 1 ஆகிறது. மறைவது 27 அங்குலம். முதல் வேலை அதன் மெனுவில் `Deep Sleep`, `Auto Source` இரண்டையும் நிறுத்துவது. எண் 2-இலேயே நின்றால் அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். நிற்கவில்லையா, மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்தானா, ஹெச்டிஎம்ஐ. 144 ஹெர்ட்ஸ் வேண்டுமா, நகலெடுக்கும் வகை எமுலேட்டர், 27 அங்குலத்துக்கு மட்டும் ஒன்று. 24 அங்குலத்துக்குத் தேவையில்லை. எது செய்தாலும் வழி 1-இன் இரண்டு டிக்கும் இருக்கட்டும்.

துண்டிப்பு நின்றபிறகும் சில ஆப்கள் கோணலாகவே திறக்கும். அது புதுக் கோளாறல்ல, முன்பு எழுதிவைத்த எண். குரோமின் `Preferences` கோப்பைத் திறந்தால் இப்படி இருக்கலாம்:

```json
"window_placement": {
  "left": 0, "top": 0, "right": 1024, "bottom": 720,
  "maximized": false,
  "work_area_right": 1024, "work_area_bottom": 720
}
```

`work_area_right` 1024 என்றால், 768 உயரக் கற்பனைத் திரையில் டாஸ்க்பார் போக மிஞ்சிய இடத்தில் குறிக்கப்பட்டது என்று கையும் களவுமாகத் தெரிகிறது. கோப்பைக் கையால் திருத்த வேண்டாம். அந்த ஆப்பில் ஒரே ஒரு விண்டோவைத் திறந்து வையுங்கள். மேக்ஸிமைஸ் ஆகியிருந்தால் அதை விடுவித்து, வேண்டிய மானிட்டரில், வேண்டிய அளவுக்கு இழுத்து, மூலையில் உள்ள பெருக்கல் குறியால் மூடுங்கள். இரண்டு விண்டோ திறந்திருந்தால் கடைசியாக மூடியதன் அளவுதான் பதியும். பலர் சரிசெய்தும் சரியாகவில்லை என்பதற்குக் காரணம் இதுதான். விண்டோ எந்தத் திரையிலும் தெரியவில்லை என்றால் டாஸ்க்பாரில் அதைத் தேர்ந்தெடுத்து, `Alt+Space`, பிறகு `M`, பிறகு ஏதாவது ஒரு அம்புக்குறி விசை, பிறகு மவுஸை அசையுங்கள். விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு வரும். `M` மங்கலாக இருந்தால் விண்டோ மேக்ஸிமைஸ் நிலையில் இருக்கிறது. அப்போது `Win+Shift+←` அதை அடுத்த மானிட்டருக்குத் தள்ளும்.